மார்த்தாண்டம் ஹார்டுவேர் கடை: புது கணக்கு சாஃப்ட்வேர் யூஏடி பேப்பர்ல ஊழியர்கள் கையெழுத்து போடலாமா?

கணக்கெழுத்து_மார்த்தாண்டம்

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்துல ஒரு ஹார்டுவேர், எலக்ட்ரிக்கல் கடையில கணக்கு பாக்கேன். ரெண்டு பில்லிங் கவுண்டர், பின்னால குடோன், கருங்கல், திருவட்டாறு பக்கம் லைனுக்கு போற ஒரு சேல்ஸ்மேன். இத்தனை வருஷம் பழைய பில்லிங் புரோகிராம்ல ஓட்டினோம். ஏப்ரல் 1 முதல் புது அக்கவுண்டிங் பேக்கேஜுக்கு மாறுறோம்.

நிறுவிக் கொடுத்தவங்க இப்போ யூஏடி டாக்குமென்ட்னு ஒண்ணு தந்திருக்காங்க, சாஃப்ட்வேரை சோதிச்சுப் பார்த்து ஏத்துக்கிட்டோம்னு நாம எழுதிக் கொடுக்கிற பேப்பர். ‘லெட்ஜர் உருவாக்குதல்: சரி’, ‘சேல்ஸ் பில் போடுதல்: சரி’, ‘ஸ்டாக் ரிப்போர்ட் பார்த்தல்: சரி’ன்னு பக்கம் பக்கமா வரிசை. எல்லா வரிசையிலும் ‘சரி’ன்னு அவங்களே டைப் பண்ணி வச்சிருக்காங்க. கடைசிப் பக்கத்துல ‘நாங்கள் அனைத்தையும் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொள்கிறோம், இதற்குப் பிறகு கேட்கும் மாற்றங்களுக்குத் தனிக் கட்டணம்’னு ஒரு வாசகம். அதுக்குக் கீழ ஊழியர் ஒவ்வொருத்தரும் கையெழுத்து போடணும். அது வந்தாதான் மிச்சப் பணம் வாங்கிட்டு ஃபைலை மூடுவாங்களாம்.

முதலாளி “போட்டுக் குடுங்க, வேலை முடியட்டும்”ங்கிறார். குடோன் அக்கா போட மாட்டேங்கிறாங்க. “நாளைக்கு சரக்கு குறைஞ்சா இந்தக் கையெழுத்தைக் காட்டி என்கிட்ட கேக்க மாட்டாங்களா?”ன்னு கேக்காங்க. எனக்கு அதுக்கு பதில் சொல்லத் தெரியல. இப்படிப்பட்ட பேப்பர் எப்படி இருந்தா ஊழியர்கள் நிம்மதியா கையெழுத்து போடலாம்? செஞ்சு பழகினவங்க சொல்லுங்க.

குளச்சல்_ட்ரேடர்ஸ்

இதுக்கு எதுக்கு எல்லாரும் கையெழுத்து போடணும்? புரொப்ரைட்டர் கடைன்னா ஜிஎஸ்டி போர்ட்டல்ல மொபைலுக்கு வர்ற ஓடிபி போதும். கம்பெனி, எல்எல்பிக்குத்தான் டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். உங்க ஆடிட்டர்கிட்ட சொன்னா அவங்களே பண்ணிருவாங்க.

கணக்கெழுத்து_மார்த்தாண்டம்

அண்ணாச்சி, ரிட்டர்ன் போடுற கையெழுத்து இல்ல. புது சாஃப்ட்வேர் நம்ம கடைக்கு சரியா வேலை செய்யுதுன்னு ஊழியர்கள் எழுதிக் கொடுக்கிற பேப்பர்.

வடசேரி_ஜவுளி

போடாதீங்க. எங்க துணிக்கடையில இதே மாதிரி நீட்டினாங்க, எல்லாரும் வரிசையா போட்டோம். தீபாவளி சமயத்துல ஒரு கவுண்டர்ல வாங்கின சேலையை இன்னொரு கவுண்டர்ல மாத்த வந்தா பில் நம்பரே எடுக்கல. போன் பண்ணினா “எக்ஸ்சேஞ்ச் டெஸ்ட் பண்ணி கையெழுத்து போட்டிருக்கீங்களே”ங்கிறாவ. நாங்க டெஸ்ட் பண்ணினது பில் போட்ட அதே கவுண்டர்ல. பேப்பர்ல எந்தக் கவுண்டர்னு எழுதல.

பேரேடு

நாகர்கோவில்ல பல வருஷம் நிறுவிக் கொடுக்கிற பக்கம் வேலை பார்த்தேன், இப்போ கடைக்காரர்கள் பக்கம் நின்று இதைச் செய்கிறேன். அதனால ரெண்டு பக்கத்து நியாயமும் தெரியும்.

அவங்க தந்த வரிசைகள் பேக்கேஜுல எந்தெந்த மெனு இருக்குன்னு சொல்லுது, அவ்வளவுதான். அதைப் பேக்கேஜ் செஞ்சவங்களே பார்த்திருப்பாங்க. உங்க பேப்பர் கேக்க வேண்டிய கேள்வி வேற. உங்க கடையில நடக்கிற வியாபாரத்தை அதுல போட்டா, பழைய புத்தகத்துல வந்த அதே விடை வருதா?

வழி இதுதான். கூட்டம் அதிகமா இருந்த ஒரு நாளை எடுங்க. அந்த நாளோட பில் எல்லாம், கொள்முதல், சரக்குத் திரும்பினது, ராத்திரி கல்லா எண்ணின சீட்டு, எல்லாத்தையும் பேக்கேஜுக்குள்ள சோதனைக்குன்னு தனியா திறக்கிற ட்ரையல் கம்பெனியில உங்க ஆட்களே போடணும். நிறுவ வந்தவர் கீபோர்டைத் தொடக் கூடாது. போடுறதுக்கு முன்னாலேயே ஒவ்வொரு வரிசையிலும் ‘வர வேண்டிய விடை’யைப் பழைய பில்லைப் பார்த்து பேனாவால எழுதி வச்சிருங்க. திரையில வந்ததைப் பார்த்த பிறகு எழுதினா கண்ணு அதுக்கே பழகிரும்.

ஒரு வரிசைக்குத் தேவையானது: யார் செஞ்சது, எந்தக் கவுண்டர், என்ன போட்டது, என்ன வரணும், என்ன வந்தது, ட்ரையல் பில் நம்பர், அந்த வரிசைக்கு மட்டும் ஒரு கையெழுத்து. வடசேரிக்காரருக்கு நடந்தது அந்தக் ‘கவுண்டர்’ கட்டம் இல்லாததாலதான்.

ஹார்டுவேர் கடைன்னு சொன்னதால ஒரு சோதனையை முதல்ல போடச் சொல்லுவேன். ஒரு ரூபாய் ஸ்க்ரூ, 1000 எண்ணம். வரியும் சேர்த்த விலைதானே உங்க கவுண்டர்ல? வர வேண்டிய விடை 1000 ரூபாய். போட்டுப் பார்த்துட்டு சொல்லுங்க.

கணக்கெழுத்து_மார்த்தாண்டம்

இப்போதான் கவுண்டர் தம்பியை வச்சு போட்டுப் பார்த்தேன். 1003 வருது! பழைய புரோகிராம்ல 1000 தான் வந்தது. இது எப்படி?

பேரேடு

வரி சேர்த்த விலையிலிருந்து 18 சதவீதத்தைப் பிரிச்சு, வரிக்கு முந்தின விலையைப் பேக்கேஜ் முதல்ல கண்டுபிடிக்குது. அதை ரெண்டு தசமத்தோட நிறுத்திட்டு, அதுக்குப் பிறகு எண்ணத்தால பெருக்குது.

```
1 / 1.18          = 0.84746  ->  0.85
0.85 x 1000       = 850.00
850 x 9% x 2      = 153.00
850 + 153         = 1003.00
```

ஒரு ஸ்க்ரூவுக்குக் கால் பைசாதான் கூடுது, ஆயிரத்துக்கு வரியும் சேர்த்து அது மூணு ரூபாயாகுது. விலையைப் பொறுத்து இது குறையவும் செய்யும். 1.50 ரூபாய் ஸ்க்ரூன்னா 1.27ல நிக்கும், 1000 எண்ணத்துக்கு 1500க்கு பதிலா 1498.60 வரும். பெரிய விலைச் சாமான்ல இது கண்ணுக்கே தெரியாது. அதனால, டெமோ காட்டுறவங்க மிக்சியும் ஃபேனும் வச்சு காட்டினா கடைசி வரைக்கும் மாட்டாது. விலைக்கு நாலு தசமம் வச்சா 0.8475 x 1000 = 847.50, வரி சேர்த்து 1000.06. அதுல வர்ற ஆறு பைசாவை ரவுண்ட் ஆஃப் பார்த்துக்கும்.

திருவட்டாறு_ஸ்டோர்ஸ்

ரவுண்ட் ஆஃப் லெட்ஜர் ஒண்ணு போட்டா எல்லாம் அதுல அடங்கிருமே. இதுக்கா இவ்வளவு பேச்சு? எங்க கடையில அப்படித்தான் ஓடுது. ஒரு ரூபா ரெண்டு ரூபாய்க்கு யாரும் கேக்க வர மாட்டாங்க.

பேரேடு

ரவுண்ட் ஆஃப் லெட்ஜர் வேணும்ங்கிறது சரி, அதுக்கும் ஒரு வரிசை இருக்கணும். ஆனா அது பில் மொத்தத்தைப் பக்கத்து ரூபாய்க்குக் கொண்டு போகும், அவ்வளவுதான். 1003.00 ஏற்கனவே முழு ரூபாய். ரவுண்ட் ஆஃப்க்கு அங்க வேலையே இல்ல. அந்த மூணு ரூபாய் விற்பனையாவும் வரியாவும் புத்தகத்துல ஏறிரும்.

பில்லிங்_தம்பி

நான்தான் அந்தக் கவுண்டர் தம்பி, கணக்கு அக்கா இந்த இழையைக் காட்டினாங்க. ஒண்ணு சொல்லுதேன். கேக்க வருவாங்க. ஆசாரிமார் கணக்கு விரல் நுனியில வச்சிருப்பாங்க. “1003 எப்படி?”ன்னு கேட்டா நான் மூணு ரூபா டிஸ்கவுண்ட் போட்டு 1000 ஆக்குவேன். ராத்திரி டிஸ்கவுண்ட் ரிப்போர்ட்ல என் பேர்ல அது நிக்கும். முதலாளி எதுக்கு இவ்வளவு தள்ளுபடின்னு என்கிட்டதான் கேப்பார்.

பேரேடு

தம்பி, நீங்க சொன்னதை அப்படியே அந்த வரிசையில எழுதுங்க. ‘தோல்வி. காரணம்: வாடிக்கையாளர் 1000 தருவார், மூன்று ரூபாய் என் கணக்கில் தள்ளுபடியாக விழும்.’ நிறுவினவர் “சின்ன வித்தியாசம்தானே”ன்னு சொல்ல முடியாது.

குடோன் அக்காவோட பயத்துக்கும் இதே இடத்துலதான் காரணம் இருக்கும்னு நினைக்கேன். வயர் காயில் கணக்கு எப்படி வச்சிருக்காங்க? 90 மீட்டர் காயிலை வெட்டி விப்பீங்கதானே? ஒரு காயிலை 30 மீட்டரா மூணு பில்லுல வித்து, ஸ்டாக்கைப் பாருங்க.

கணக்கெழுத்து_மார்த்தாண்டம்

குடோன் அக்காவைப் பக்கத்துல உக்கார வச்சே போட்டோம். பத்து காயில் இருந்தது, மூணு பில் போட்ட பிறகு ஒன்பது வரணும். 9.01 காட்டுது. காயில் முழுசும் வித்தாச்சு, ஆனா 0.01 காயில் திரையில நிக்குது.

பேரேடு

30 மீட்டர்ங்கிறது 0.33 காயிலா கழியுது, மூணு தடவைக்கு 0.99. மிச்சம் 0.01 காயில், அதாவது 90 சென்டிமீட்டர், இல்லாத வயர். வருஷம் 100 காயில் இப்படி வெட்டினா, திரைக் கணக்குப்படி குடோன்ல ஒரு முழு காயில் குறையும். யாரும் எடுக்கல, யாரும் தப்பு பண்ணல, ஆனா சரக்கு எண்ணும்போது அக்கா முன்னாலதான் வந்து நிக்கும். கையெழுத்து போட மாட்டேன்னு சொன்னது முழு நியாயம்.

சரி பண்ண வழி இருக்கு. அடிப்படை அளவு மீட்டர்னு வைக்கணும், காயிலை 90 மீட்டர்னு மேல் அளவா சேர்க்கணும். அப்போ 900 மீட்டர்ல 90 போனா 810, பிசிறே வராது. பைப், கயிறு, கம்பி வலைன்னு வெட்டி விக்கிற எல்லாத்துக்கும் இதே மாதிரி சின்ன அளவையே அடிப்படையா வையுங்க.

கணக்கெழுத்து_மார்த்தாண்டம்

ரெண்டையும் அவங்ககிட்ட சொல்லியாச்சு, மாத்தித் தாறேன்னு சொல்லிருக்காங்க. இன்னொரு சந்தேகம். எங்களுக்கு பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்துலேருந்து நிறைய பேர் வாறாங்க. வீடு கட்டுறவங்க, பேர் ஊர் சொல்லி பில் கேப்பாங்க. தம்பி ஸ்டேட் கட்டத்துல கேரளான்னு போட்டா வெளி மாநில வரி ஐஜிஎஸ்டி 18ன்னு வருது, விட்டுட்டா உள் மாநில வரி சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி 9ம் 9ம். மொத்தத் தொகை ஒண்ணுதான். இதுல ‘வர வேண்டிய விடை’ எதுன்னு எழுதுறது?

குழித்துறை_ஆறு

கவுண்டர்ல வச்சு சரக்கைக் கையில குடுத்தா அது தமிழ்நாட்டு விற்பனைதான். ஆளு எந்த ஊருன்னு பாக்க வேண்டியதில்ல. எல்லாத்துக்கும் தமிழ்நாடுன்னு ஃபிக்ஸ் பண்ணிருங்க, பிரச்சனை முடிஞ்சது.

வரி_அலுவலகம்_தக்கலை

குழித்துறை நண்பர் சொல்வது முன்பு பெரும்பாலான கடைகளில் இருந்த வழக்கம். 1-10-2023 முதல் ஐஜிஎஸ்டி சட்டம் 10-ஆம் பிரிவில் புதிய கூறு ஒன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவருக்கு விற்கும்போது, பில்லில் அவருடைய முகவரி இருந்தால் அந்த மாநிலமே விற்பனை நடந்த இடமாகக் கொள்ளப்படும். முகவரி எழுதாவிட்டால் கடை இருக்கும் மாநிலம். மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலே முகவரி எழுதியதாகக் கணக்கு.

ஆகவே பாறசாலைக்காரர் 400 ரூபாய்க்குப் பெயர் ஊர் இல்லாமல் வாங்கினால் 9ம் 9ம் சரி. அவரே 60,000 ரூபாய்க்கு வாங்கினால், பதிவில்லாதவருக்கும் 50,000 முதல் பெயரும் முகவரியும் மாநிலமும் பில்லில் இருந்தே ஆக வேண்டும். அப்போது கேரளா, ஐஜிஎஸ்டி. எல்லாவற்றையும் தமிழ்நாடு என்று பூட்டிவிட்டால் இந்தப் பில்கள் தவறாகப் போகும். சரக்கு களியக்காவிளை தாண்டும்போது 50,000க்கு மேல் என்றால் இ-வே பில்லும் வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால்தான் அந்த வரம்பு ஒரு லட்சம்.

குழித்துறை_ஆறு

அந்தப் புதுக் கூறு எனக்குத் தெரியாது, நன்றி. அப்போ ஜிஎஸ்டி நம்பர் வச்சிருக்கிற கேரளா காண்ட்ராக்டர், அவரே சொந்த டெம்போ கொண்டு வந்து கவுண்டர்ல ஏத்திட்டுப் போனா?

வரி_அலுவலகம்_தக்கலை

அந்தப் புதிய கூறு பதிவில்லாதவருக்கு மட்டுமே. பதிவு உள்ளவருக்குச் சரக்கின் பயணம் எங்கே முடிகிறது என்பதே கேள்வி. சரக்கு கேரளாவுக்குத்தான் போகிறது, ஆகவே ஐஜிஎஸ்டி என்பதே என் நிலை.

குழித்துறை_ஆறு

டெலிவரி நம்ம கவுண்டர்லயே முடிஞ்சுதே சார். வண்டி அவருது, டிரைவர் அவரு ஆளு. எங்க ஆடிட்டர் 9ம் 9ம் தான் போடச் சொல்லுவார்.

வரி_அலுவலகம்_தக்கலை

அப்படி வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 9ம் 9ம் போட்டால் அந்தக் காண்ட்ராக்டருக்கு வரி வரவு கிடைக்காமல் போகும். தமிழ்நாட்டு எஸ்ஜிஎஸ்டியை அவர் கேரளாவில் எடுக்க முடியாது. கடைக்காரர் தம் ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

பேரேடு

கணக்கெழுத்து அக்கா, இந்த வரிசையில யார் கையெழுத்து போடணும்ங்கிறதுதான் நான் பார்க்கிறது. மொத்தம் ஒண்ணா இருக்கிறதால கவுண்டர் தம்பிக்கு எது வந்தாலும் சரியாத்தான் தெரியும். பணம் டேலி, பிரின்ட் வந்தாச்சு, பாஸ். தப்பு வெளிய தெரியறது விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1ல. பதிவில்லாத வெளி மாநில விற்பனை 7-ஆம் அட்டவணையில மாநில வாரியா வரணும், ஒரு பில் ஒரு லட்சத்தைத் தாண்டினா 5-ஆம் அட்டவணையில தனியா. அதைப் பார்க்கிறது நீங்க. அதனால தம்பி ‘பில் போட்டேன், ஸ்டேட் கேட்டது, 50,000 முதல் முகவரி இல்லாமல் சேமிக்க விடவில்லை’ன்னு தான் பார்த்ததுக்குக் கையெழுத்து போடட்டும். ரிட்டர்ன்ல சரியான கட்டத்துல விழுந்ததுக்கு நீங்க போடுங்க. டெம்போ காண்ட்ராக்டர் வரிசையை ஆடிட்டர் பதில் வர்ற வரைக்கும் காலியா விடுங்க. பேக்கேஜ் ரெண்டு விதமாவும் போடும், எது சரின்னு சொல்ல வேண்டியது அது இல்ல.

கண்ணால பார்க்க முடியாததுக்கு யாரும் கையெழுத்து போடக் கூடாது. எல்லார் பேரையும் ஒரே பக்கத்துல வரிசையா வாங்குறதை நான் ஒத்துக்கவே மாட்டேன். குடோன்ல நிக்கிற அக்கா ‘அனைத்தையும் சோதித்தேன்’னு எழுதிக் கொடுத்தா அது பொய் சாட்சி. அவங்களைப் பொய் சொல்ல வைக்கிறது நாம.

நிறுவுநர்_நாகர்கோவில்

நானும் இந்தத் தொழில்தான், வேற நிறுவனம். எங்க பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்க. கையெழுத்து இல்லேன்னா வேலை முடியவே முடியாது. இன்னைக்கு ஒரு ரிப்போர்ட், நாளைக்கு பில்லுல லோகோ, அடுத்த மாசம் மலையாளத்துல பிரின்ட்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. மிச்சப் பணம் ஓணம் வரைக்கும் இழுக்கும். ஸ்க்ரூ கணக்கு தப்புன்னா அது எங்க வேலை, இலவசமா செய்யணும், ஒத்துக்கிறேன். புது ஆசை அப்படி இல்ல.

பேரேடு

நியாயம். அதனாலதான் கடைசிப் பக்கத்தை மூணா பிரிக்கச் சொல்லுவேன். எந்த வரிசைகள் எந்தத் தேதியில பாஸ்னு முதல்ல. பாஸ் ஆகாதவை ரெண்டாவது, ஒவ்வொண்ணுக்கும் ‘இது சரியாகாமல் கடை திறக்க முடியாது’ அல்லது ‘ஓடிக்கொண்டே சரி செய்யலாம், இந்தத் தேதிக்குள்’னு எழுதி. புது ஆசைகள் மூணாவது, அதுக்குத் தனிக் காசு. மிச்சப் பணத்தை ரெண்டாவது பகுதியோட மட்டும் கட்டுங்க. லோகோவுக்காக நீங்களும் காத்திருக்க வேண்டாம்.

கூடவே ஒரு வரி: ‘இக்கையெழுத்து மேற்கண்ட சோதனைகளை நேரில் பார்த்ததற்கு மட்டும். சரக்கு, ரொக்கம் ஆகியவற்றின் பொறுப்பு பற்றியது அல்ல.’ முதலாளி அதுக்குக் கீழ தனியா கையெழுத்து போடட்டும்.

கணக்கெழுத்து_மார்த்தாண்டம்

அவங்க மாத்திக் கொடுத்தாச்சு. ஸ்க்ரூ 1000 சரியா வருது. வயர் விற்பனை மீட்டர்ல சரியா கழியுது, அக்கா பார்த்து அந்த வரிசையில போட்டாங்க. ஆனா நீங்க சொல்லாமலேயே கொள்முதல் வரிசையைத் திரும்பப் போட்டேன். மாத்துறதுக்கு முன்னால பாஸ் ஆன வரிசை அது. ஏஜென்சி பில்லுல 10 காயில்னு இருக்கிறதைப் போட்டா, 10 மீட்டர்னு ஸ்டாக்ல ஏறுது, ஒரு மீட்டருக்கு ஒரு காயில் விலை!

பேரேடு

ரொம்ப நல்ல வேலை செஞ்சீங்க. ஒண்ணை மாத்தினா அது தொட்ட எல்லா வரிசையும் திரும்ப ஓடணும், பழைய கையெழுத்து செல்லாது. அதனால கையெழுத்துப் பக்கத்துல தேதி மட்டும் போதாது, திரையில் தெரியற பதிப்பு எண்ணையும் எழுதுங்க. கொள்முதல் திரையில அளவு கட்டம் தானா அடிப்படை அளவையே எடுக்குது போல. அங்க காயிலைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கான்னு கேளுங்க. இல்லேன்னா இது ‘கடை திறக்க முடியாது’ பட்டியல்ல போகணும்.

கணக்கெழுத்து_மார்த்தாண்டம்

கேட்டேன், ரெண்டு நாள்ல தாறேன்னிருக்காங்க. முதலாளிகிட்ட அந்த வயர் 9.01 கணக்கைக் காட்டினதும் அமைதியா கேட்டார், பொறுப்பு பற்றின வரிக்கு ஒத்துக்கிட்டார். ஏப்ரல் 1 தான் மாற மாட்டேங்கிறார். டெம்போ வரிசை இன்னும் காலிதான், ஆடிட்டர் பதில் வரல.

லைன்_சேல்ஸ்

கருங்கல் லைன்ல வேற கடைக்கு வசூலுக்கு போறவன் நான். ஒண்ணு யாருமே கேக்கல. பழைய பாக்கியை எப்படி ஏத்தினாங்க? ஆளுக்கு ஒரே தொகையாவா, பில் வாரியாவா? எங்க கடையில மொத்தமா ஏத்திட்டாங்க. மொத்தம் பைசா சுத்தமா டேலி ஆச்சு. ஆனா எல்லா பாக்கியும் ஏப்ரல் 1ல உண்டான மாதிரி காட்டுது. போன ஓணத்து பில்லும் மார்ச் பில்லும் ஒண்ணா நிக்குது. மேஸ்திரி “எந்த பில்லுக்குப்பா இந்தப் பணம்?”னு கேட்டா நான் பழைய நோட்டைத்தான் புரட்டுதேன்.

கணக்கெழுத்து_மார்த்தாண்டம்

அய்யோ, எங்களுக்கும் ஒரே தொகையாத்தான் ஏத்திருக்காங்க. மொத்தம் டேலி ஆனதால அந்த வரிசையில நான் கையெழுத்து போடலாம்னு எடுத்து வச்சிருந்தேன், இன்னும் போடல. நாளைக்கு எங்க சேல்ஸ்மேன் லைனுக்கு கிளம்புறதுக்கு முன்னால அவரை உக்கார வச்சு, அதிக பாக்கி உள்ள ஆட்களை மட்டும் பில் பில்லா பார்த்துட்டு எழுதுதேன்.